கோல வீடியோவுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதுவது எப்படி? ஒரு 13 புள்ளிச் சிக்குக் கோலத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில், 7 புள்ளி வைத்த இடுக்குப்புள்ளிக் கோலம் ஒன்றை வீடியோவாகப் போட்டேன். நடுவில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போகும் கோலம். தலைப்பில் அவசரமாக "7 புள்ளி 7 வரிசை" என்று எழுதிவிட்டேன். வரிசை ஏழுதான், அதில் பொய் இல்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "ஏம்மா, நீ சொன்னபடிதான் வச்சேன். பன்னெண்டு புள்ளி மிஞ்சி நிக்குதே, அதை என்ன பண்றது?" என்று கேட்டார். வாசலில் போய்ப் பார்த்தால் ஏழுக்கு ஏழு என்று கட்டமாக 49 புள்ளி வைத்திருந்தார். என் கோலத்துக்கு வேண்டியது 37.

வீடியோவில் நான் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறேனே என்று நினைத்தேன். ஆனால் அவர் வீடியோவைப் பார்த்துக்கொண்டே கோலம் போடவில்லை. முந்தின இரவு பார்த்துவிட்டு, தலைப்பை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு காலையில் வாசலுக்கு வந்திருக்கிறார். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறோம். கையில் மாவு ஒட்டியிருக்கும்போது செல்போனைத் தொட முடியாது. வாசலில் நிற்பவருக்கு நினைவில் இருப்பது தலைப்பும், விளக்கத்தின் முதல் இரண்டு வரியும்தான். அந்த இரண்டையும் எப்படி எழுதுவது என்பதை ஒரே ஒரு கோலத்தை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் கோலம்

நேர்ப்புள்ளி. வரிசைகள் 1, 3, 5, 3, 1. மொத்தம் 13 புள்ளி. புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் சிக்குக் கோலம்.

வைத்துப் பார்த்தால் வைரம் போல நிற்கும். இதை மூன்று இழையாகப் போடலாம். முதல் இழை, நடுவில் உள்ள ஐந்து புள்ளிகளை (நடுப்புள்ளியும் அதன் நாலு பக்கத்துப் புள்ளிகளும்) உள்ளே வைத்துச் சாய்சதுரமாகப் போகும். ஒவ்வொரு முனையிலும் வெளியே இருக்கும் ஒற்றைப் புள்ளியை ஒரு சுழி சுழித்துவிட்டு, தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் திரும்பும். இரண்டாவது இழை மூலைவாட்டில் இருக்கும் மூன்று புள்ளிகளைச் சுற்றி ஓடும் நீள வளையம். மூன்றாவது, அதே வளையம் எதிர் மூலைவாட்டில். இரண்டு நீள வளையமும் நடுப்புள்ளியைச் சுற்றி ஒன்றையொன்று வெட்டும். அவ்வளவுதான் கோலம்.

முதலில் போட்டு அளங்கள், பிறகு எழுதுங்கள்

விளக்கம் எழுத உட்காரும்போது எல்லாரும் செய்வது ஊகம்தான். "ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும்", "ஒரு கிண்ணம் மாவு போதும்" என்று கை தன்னால் எழுதிவிடும். அதனால் நான் வீடியோ எடுக்கும் நாளில் ஒரு சின்ன நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். அதில் நாலு விஷயம் மட்டும் குறிப்பேன்: புள்ளிக்கும் புள்ளிக்கும் எத்தனை அங்குலம், முடிந்த கோலம் எத்தனை அங்குலம், எவ்வளவு மாவு போனது, எவ்வளவு நேரம் ஆனது.

இந்தக் கோலத்துக்கு 2 அங்குல இடைவெளி விட்டேன். ஐந்து புள்ளிக்கு நடுவே நாலு இடைவெளி, அது 8 அங்குலம். முனையில் இருக்கும் சுழிகள் பக்கத்துக்கு ஒரு அங்குலம் வெளியே வரும். ஆக 10 அங்குலம். இடைவெளியை 3 அங்குலமாக்கினால் 15 அங்குலம் ஆகும். இந்தக் கணக்கை ஒரு தடவை பழகிக்கொண்டால் எந்தக் கோலத்துக்கும் சொல்லிவிடலாம். பெரிய வரிசையின் புள்ளியில் ஒன்றைக் கழித்து இடைவெளியால் பெருக்குங்கள். சிக்குக் கோலமானால் அதோடு இன்னும் ஒரு இடைவெளியைக் கூட்டுங்கள். 15 புள்ளி என்றால் 2 அங்குலத்தில் 30 அங்குலம், அதாவது இரண்டரை அடி. அடுக்குமாடி வீட்டில் மூன்றடிக் கதவுக்கு முன்னால் போடுகிறவருக்கு இந்த ஒரு எண் தெரிந்தால் போதும், தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். அளவை எழுதும் வீடியோ மிகக் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

மாவுக்கு ஒரு வழி இருக்கிறது. கிண்ணத்தில் மேசைக்கரண்டியால் அளந்து போட்டுக்கொண்டு தொடங்குங்கள். முடித்த பிறகு மிச்சத்தை அதே கரண்டியால் அளந்து கழியுங்கள். இந்தக் கோலத்துக்கு எனக்கு இரண்டு கரண்டிக்குச் சற்றுக் கூட ஆனது. பழகாத கைக்கு இழை தடிமனாக விழும், எனவே மூன்று என்று எழுதினேன்.

புள்ளியை எழுதும் விதம்

"வரிசை" என்ற சொல்லில்தான் குழப்பம் பிறக்கிறது. சிலர் "5 புள்ளி 5 வரிசை" என்றால் மொத்தம் ஐந்து வரிசை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கோல நோட்டுகளில் பழைய வழக்கம் வேறு. "13 புள்ளி, 3 வரிசை, 3 வரை" என்று இருந்தால், 13 புள்ளி உள்ள பெரிய வரிசையை மூன்று தடவை வைத்து, அதன்பிறகு இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டே போய் 3ல் நிறுத்த வேண்டும் என்று பொருள். அந்த வழக்கப்படி நம் கோலம் "5 புள்ளி, 1 வரிசை, 1 வரை". இதை முதல் தடவை பார்ப்பவர் ஒரே வரிசையில் ஐந்து புள்ளி வைத்துவிட்டு அடுத்து என்ன என்று விழிப்பார்.

ஆகவே தலைப்பில் எந்த வழக்கத்தில் சொன்னாலும், விளக்கத்தில் வரிசைகளை மேலிருந்து கீழாக எண்ணாகவே எழுதிவிடுங்கள்: 1-3-5-3-1. இதைத் தப்பாகப் படிக்கவே முடியாது. பின்னாலேயே மொத்த எண்ணிக்கையையும் சேருங்கள், 13 புள்ளி என்று. வைத்து முடித்தவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்று "மொத்தம் 37" என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் கோடு இழுப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்து நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா என்பது. நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி விழும். இடுக்குப்புள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழ் வரிசைப் புள்ளி விழும். இதையே சில ஊரில் ஊடுபுள்ளி என்பார்கள், சந்துப்புள்ளி என்பார்கள், இடைப்புள்ளி என்பாரும் உண்டு. தலைப்பில் உங்கள் ஊர் வழக்கு ஒன்று போதும். விளக்கத்தில் ஒரு தடவை மற்ற பெயரையும் சொல்லிவிடுங்கள். சிக்குக் கோலத்தைக் கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தலைப்பு

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துவரை இடம் தருகிறது. ஆனால் தமிழில் அது பார்ப்பதைவிடச் சுருங்கிய இடம். "கோலம்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணக்கில் ககரம், ஓகாரக் குறி, லகரம், மகரம், புள்ளி என்று ஐந்தாக எண்ணப்படும். போதாததற்கு, செல்போனில் நீளமான தலைப்பின் பின்பாதி தெரியாமல் வெட்டுப்படும். அதனால் முக்கியமானது முதலில் வர வேண்டும். கோலத்தில் முக்கியமானது புள்ளி எண்ணிக்கையும் கோல வகையும். "மிக மிக அழகான", "எளிமையான சூப்பர்" என்று தொடங்கினால் வெட்டுப்பட்ட பிறகு மிஞ்சுவது அந்த வார்த்தைகள் மட்டும்தான்.

நம் கோலத்துக்கு நான் வைத்த தலைப்பு:

5 புள்ளி சிக்குக் கோலம் | 1-3-5-3-1 நேர்ப்புள்ளி | 15 நிமிடம்

கணக்கில் 61 எழுத்து. முதல் துண்டு தேடுகிறவருக்கு, நடுத்துண்டு வாசலில் நிற்கிறவருக்கு, கடைசித் துண்டு காலையில் அவசரத்தில் இருப்பவருக்கு. கடைசித் துண்டு வெட்டுப்பட்டுப் போனாலும் கோலம் போட முடியும்.

"மார்கழி ஸ்பெஷல்" என்று சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தேர்க்கோலம், பொங்கல் பானைக் கோலம் என்றால் நாளின் பெயர் கோலத்திலேயே இருக்கிறது, தாராளமாகச் சேர்க்கலாம். இது தினசரி வாசலில் போடும் சின்னக் கோலம். மார்கழி என்று எழுதினால் தை பிறந்ததும் பழையதாகத் தெரியும். வேண்டுமானால் அந்த மாதம் மட்டும் சேர்த்துவிட்டு, பிறகு தலைப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

"ஒரே இழை" என்று எழுதும் முன்

சிக்குக் கோலத் தலைப்புகளில் அதிகம் தப்பாக எழுதப்படும் சொல் இதுதான். கோடு எங்கும் விடுபடாமல் பின்னியிருப்பதைப் பார்த்து ஒரே இழை என்று எழுதிவிடுகிறோம். நம் 13 புள்ளிக் கோலத்தை அப்படிச் சொன்னால் அது தப்பு. சோதிக்க, முடிந்த கோலத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்டு மேல்முனைப் புள்ளியில் விரலை வையுங்கள். கோடு வெட்டும் இடத்தில் திரும்பாமல் நேராகவே போங்கள். நாலு முனையையும் சுற்றிவிட்டு, தொடங்கின இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஆனால் மூலைவாட்டில் போகும் இரண்டு வளையத்தையும் விரல் தொட்டிருக்காது, நடுப்புள்ளி பக்கமே போயிருக்காது. இழை மூன்று.

கட்டமாக வைத்த நேர்ப்புள்ளியில் எல்லா இடைவெளியிலும் விடாமல் பின்னும் கோலமானால், விரல் வைக்காமலே சொல்லிவிடலாம். இரண்டு பக்கத்து எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அதுதான் இழை எண்ணிக்கை. மூன்றுக்கு ஐந்து வைத்தால் ஒரே இழை. நாலுக்கு ஆறு வைத்தால் இரண்டு. நாலுக்கு நாலு வைத்தால் நாலு. வைர வடிவத்துக்கும் இடுக்குப்புள்ளிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே விரல்தான் ஒரே வழி.

மூன்று இழை என்று எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே நல்ல செய்தி. ஒரு இழையை மூடிவிட்டு மூச்சு விடலாம், அடுத்ததைத் தனியாகத் தொடங்கலாம்.

பொருட்கள்

"கோலமாவு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எல்லாருடைய பழக்கம். ஆனால் எந்த மாவு என்பதில் இழையே மாறிவிடும். தனிப் பச்சரிசி மாவு நைசாக இருந்தால் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். கடையில் விற்கும் கல்மாவு நரநரப்பாக இருப்பதால் தடையில்லாமல் இறங்கும், வளைவு அழகாக வரும். ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. நான் இரண்டையும் கலந்துகொள்கிறேன், சரிக்குச் சரி. அரிசி மாவு மட்டும்தான் போடுவேன் என்பவர்கள் ரவை போலச் சற்றுக் கொரகொரப்பாகத் திரித்துக்கொண்டால் இறங்கும். இரண்டு விரலில் எடுத்து உதறிப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் சரியான பதம்.

இன்னொன்று, தரையும் ஒரு பொருள்தான். அதையும் பட்டியலில் எழுத வேண்டும். சிமெண்ட் வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் மினுக்காமல் கறுத்துத் தெரியும் பதத்தில் போட்டால் மாவு பிடிக்கும். தண்ணீர் தேங்கியிருந்தால் இழை கரைந்து விரியும். டைல்ஸ் தரையில் உலர்ந்த மாவு ஒட்டாது, காற்றில் ஓடிவிடும். அங்கே சாக்பீஸோ, அரைத்த ஈரமாவோதான் சரி. நீங்கள் எந்தத் தரையில் போட்டீர்கள் என்று சொன்னால், பார்ப்பவர் தன் தரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்.

வேண்டியது ஒரு வரி, இருந்தால் நல்லது என்பது இன்னொரு வரி. காவிப் பட்டை, கலர்ப்பொடி எல்லாம் இரண்டாவது வரிக்குப் போகட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால், காவி இல்லை என்பதற்காகவே ஒருவர் கோலத்தை விட்டுவிடுவார்.

எவ்வளவு கடினம்

இங்கே புள்ளி எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 15ல் தொடங்கி 8ல் முடியும் இடுக்குப்புள்ளிக் கோலத்தில் 169 புள்ளி இருக்கிறது. பயமுறுத்தும் எண். ஆனால் அது புள்ளிகளைச் சேர்த்துப் பூ வரையும் கோலமாக இருந்தால், ஒரு பூவைக் கற்றுக்கொண்டதும் மற்றதெல்லாம் அதன் நகல்தான். பொறுமை வேண்டும், திறமை அவ்வளவு வேண்டாம். அதே சமயம் 37 புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்று, கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஒரு இடத்தில் விட்டால் கடைசிவரை சேராது.

நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒரு பகுதியைக் கற்றால் மீதி அதையே திருப்பிப் போடுவதுதானா? நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர முடியுமா? தப்பு செய்தால் எப்போது தெரியும், உடனேயா, கடைசியிலா? மூன்றாவதுதான் முக்கியம். உடனே தெரிகிற தப்பை விரலால் துடைத்துத் திருத்தலாம். கடைசியில் தெரிகிற தப்புக்கு முழுக் கோலத்தையும் கழுவ வேண்டியிருக்கும்.

நம் கோலம் மூன்றிலும் தேறுகிறது. நாலு பக்கமும் ஒரே மாதிரி. மூன்று இழை, ஒவ்வொன்றும் தனியாக மூடும். தப்பினால் அந்த இழைக்குள்ளேயே தெரிந்துவிடும். எனவே "தொடக்கநிலை". ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல், தடுமாறும் இடத்தையும் சொல்லுங்கள். இதில் அது முனைச் சுழி. புள்ளியைச் சுற்றி வந்த கோடு, போன பாதையை வெட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். புதியவர்கள் வெட்டாமல் வந்த பக்கமே திரும்பிவிடுவார்கள். அப்போது முனையில் சுழி வராது, வெறும் வளைவு வரும்.

எவ்வளவு நேரம்

வீடியோவின் நீளம் வேறு, கோலத்தின் நேரம் வேறு. வேகமாக ஓடவிட்ட மூன்று நிமிட வீடியோவுக்கு "3 நிமிடக் கோலம்" என்று பெயர் வைப்பது பார்ப்பவரின் காலைப் பொழுதைக் கெடுக்கும். எனக்கு இது புள்ளியோடு சேர்த்து 5 நிமிடம் ஆனது. ஆனால் என் நேரத்தை எழுதிப் பயனில்லை. சிக்குக் கோலமே போட்டிராத என் நாத்தனார் மகளிடம் கொடுத்துப் பார்த்தேன். புள்ளிக்கு 3 நிமிடம், இழைக்கு 9 நிமிடம், மொத்தம் 12. அதை மேல்பக்கமாக முழுமையாக்கி 15 என்று தலைப்பில் வைத்தேன். வாசல் தெளித்துப் பெருக்குவது இதில் சேராது என்பதையும் விளக்கத்தில் எழுதினேன்.

ஈரமாவில் போடும் இழைக்கோலமானால் இன்னும் கவனம் வேண்டும். பச்சரிசியைக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறவைத்துத்தான் அரைக்க வேண்டும். "20 நிமிடம்" என்று மட்டும் எழுதியிருந்தால், விருந்தாளி வரும் நேரத்தில் தொடங்குகிறவர் அரிசியை ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ஊறும் நேரத்தை முதல் வரியிலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

முழு விளக்கம்

விளக்கத்தில் முதலில் கண்ணில் படுவது முதல் சில வரிகள்தான். அங்கே வாழ்த்தும் வணக்கமும் வேண்டாம், புள்ளி இருக்கட்டும். நான் எழுதியது இது:

> நேர்ப்புள்ளி 1-3-5-3-1, மொத்தம் 13 புள்ளி. 2 அங்குல இடைவெளியில் 10 அங்குலக் கோலம்.
> தொடக்கநிலை. முதல் தடவை போடுகிறவருக்கு 15 நிமிடம் (வாசல் தெளிக்கும் நேரம் தனி).
>
> வேண்டியவை: கோலமாவு 3 மேசைக்கரண்டி (பச்சரிசி மாவும் கல்மாவும் பாதிக்குப் பாதி). தண்ணீர் தெளித்து, ஈரம் இழுத்த சிமெண்ட் தரை. டைல்ஸ் தரைக்குச் சாக்பீஸ்.
> இருந்தால் நல்லது: ஓரத்துக்குக் காவி.
>
> மூன்று இழை. முதலில் நாலு முனைச் சுழியோடு சாய்சதுரம், பிறகு மூலைவாட்டில் இரண்டு நீள வளையம். முனையில் சுழித்த கோடு, போன கோட்டை வெட்டிக்கொண்டு போக வேண்டும்.
>
> 0:00 முடிந்த கோலம்
> 0:15 புள்ளி வைத்தல்
> 0:50 முதல் இழை
> 2:05 நீள வளையங்கள்
>
> கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள்.
> 5 pulli sikku kolam, ner pulli

நேரக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 0:00ல் தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்பு இருந்து, ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையாமல் இருந்தால்தான் யூடியூப் அதைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். முதல் குறிப்பில் முடிந்த கோலத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. பார்ப்பவர் அந்த 15 விநாடியிலேயே இது தன் வாசலுக்கு ஆகுமா என்று தீர்மானித்துவிடுவார். கடைசியில் ஆங்கில எழுத்தில் உள்ள வரி, தமிழ்த் தட்டச்சு இல்லாமல் அப்படியே அடித்துத் தேடுகிறவர்களுக்காக. ஒரு வரி போதும். இல்லாத கோலங்களின் பெயரையெல்லாம் அங்கே அடுக்கினால் பார்ப்பவர் ஏமாறுவார், யூடியூபின் விதிக்கும் அது விரோதம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

விளக்கத்தின் முதல் இரண்டு வரியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, வீடியோ பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு வேண்டாம், புள்ளி மட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றாலும் வாய் திறக்கக் கூடாது. எங்கே நிறுத்தி உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த இடத்தில் வார்த்தை குறைகிறது.

இந்தக் கோலத்தின் தாளை அதே அக்காவிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுவில் 5 வைத்தார், மேலே 3, 1, கீழே 3, 1. பிறகு விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். "பதிமூணு, சரியா இருக்கு. கோடு எங்கேம்மா தொடங்கணும்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, மூன்று இழை என்ற வரிக்குப் பின்னால் "மேல்முனைப் புள்ளியில் தொடங்கவும்" என்று சேர்த்துவிட்டுத்தான் வெளியிட்டேன்.